ஒரு ஒழுகுற குழாயை வச்சே முழு நாடகமும் முடிச்சிடலாம்

கேள்வி: ஒன்பது வயசுப் பசங்க ஸ்கூல் அசெம்ப்ளில நடிக்கிற மாதிரி தண்ணீர் சேமிப்பு பத்தி சின்ன நாடகம் ஒண்ணு யாராவது எழுதித் தர முடியுமா? அஞ்சு நிமிஷம்தான் டைம். தேடினா கிடைக்கிறதெல்லாம் வெறும் அட்வைஸா இருக்கு.

பதில்:

உங்ககிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு "திங்கக்கிழமை உங்க கிளாஸ் அசெம்ப்ளி, தண்ணீர் சேமிப்பு, ஏதாவது பண்ணிருங்க"ன்னு சொல்லிருப்பாங்க, கரெக்டா? எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. நான் நாலாம் வகுப்பு டீச்சர், நாடக ஆசிரியர் எல்லாம் இல்ல, அதனால நாடகம் படிச்சவங்க யாராவது கமென்ட்ல வந்து "இதுல கேரக்டர் வளர்ச்சி இல்லையே"ன்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. ஆனா இந்த ஸ்கிரிப்ட் மேடைல நின்னுச்சு, பசங்க சிரிச்சாங்க, அத நான் கண்ணால பாத்தேன்.

நீங்க சொன்ன அட்வைஸ் டைப் ஸ்கிரிப்ட் எனக்கும் நல்லாவே தெரியும். பூமித்தாய் அழுவாங்க, மரம் அழும், மேகம் அழும், ஒரு பையன் பல் தேய்ப்பான், ஒருத்தன் கார் கழுவுவான், ஒரு அம்மா பாத்திரம் தேய்ப்பாங்க, கடைசில எல்லாரும் ஒரு வரிசைல நின்னு உறுதிமொழி எடுப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல இவ்ளோ இடத்துக்குப் போனா கீழ உக்காந்திருக்குற பசங்களுக்கு எந்த இடத்தையும் பாக்க நேரமே கிடைக்காது. அதுவும் இல்லாம, அழுறதைத் தவிர யாரும் எதுவுமே செய்யல. நாடகம்னா ஒருத்தருக்கு ஏதாவது வேணும், அது கிடைக்க மாட்டேங்குது, அதுக்காக என்னென்னமோ பண்ணிப் பாக்குறாங்க, அவ்ளோதான். அதனால நான் எடுத்தது ஒரே ஒரு குழாய். அதுக்கு வேண்டியது தூக்கம். ஒழுகிட்டே இருக்கறதால தூங்க முடியல.

ஸ்கிரிப்ட் கீழ இருக்கு, அப்படியே எடுத்துக்கோங்க, என் பேர் எல்லாம் போட வேணாம். பேசுறவங்க ஏழு பேர்: குழாய், வாளி, பழைய வாஷர், புது வாஷர், நிலாங்கற பொண்ணு, அவளோட அண்ணன், அம்மா. அதுக்கு மேல பதினோரு சொட்டுங்க.

(ராத்திரி. நடுவுல குழாய் ஒரு கையை முன்னாடி நீட்டி, மணிக்கட்டைக் கீழ மடக்கி நிக்குது. அந்தக் கைக்கு நேரா வாளி உக்காந்திருக்கு. குழாய்க்குப் பின்னாடி ரெண்டு வாஷரும் குனிஞ்சு ஒளிஞ்சிருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி சொட்டுங்க வரிசையா. ஒவ்வொரு சொட்டும் குழாய் கைக்குக் கீழ புகுந்து வந்து "டொக்" சொல்லிட்டு வாளிக்குப் பக்கத்துல உக்காரணும்.)

சொட்டு 1: டொக்!

குழாய்: (கொட்டாவி) தூங்கவே முடியலையே!

சொட்டு 2: டொக்!

வாளி: எனக்கு மட்டும்? என் தலைலயே விழுது!

சொட்டு 3: டொக்!

குழாய்: நான் என்ன பண்ண? வாய் மூட மாட்டேங்குது!

நிலா: (கண்ணைக் கசக்கிட்டே வர்றா) யாரு சத்தம் போடுறது?

சொட்டு 4: டொக்!

நிலா: அண்ணா! குழாய் ஒழுகுது!

அண்ணன்: இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. தள்ளு!

(குழாயோட காதைப் பிடிச்சுத் திருகுறான்.)

குழாய்: ஆ! ஆ! வலிக்குது!

அண்ணன்: நின்னுருச்சு பாரு.

(எல்லாரும் அசையாம நிக்கணும். மனசுக்குள்ள மூணு எண்ணணும்.)

சொட்டு 5: டொக்!

அண்ணன்: இன்னும் இறுக்கணும்! (திருகுறான்)

பழைய வாஷர்: (எட்டிப் பாத்து) ஏற்கெனவே தேஞ்சு கெடக்கேன். இன்னும் நசுக்குறானே!

அண்ணன்: இரு, நூல் எடுத்துட்டு வர்றேன்.

(குழாய் கைல நூலைக் கட்டி வாளி வரைக்கும் விடுறான். சொட்டு 6, 7, 8 வாய்ல விரலை வச்சுக்கிட்டு, இன்னொரு கையால நூலைப் பிடிச்சு, நுனிக்கால்ல நடந்து போய் உக்காருறாங்க. சத்தமே இல்ல.)

அண்ணன்: பாத்தியா? சத்தம் நின்னுருச்சு. குட் நைட்! (போறான்)

வாளி: (கூட்டத்தைப் பாத்து) சத்தம் நின்னுச்சு. தண்ணி நின்னுச்சா?

(பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.)

நிலா: (வாளிகிட்ட ஒரு அளவு கப்பைக் குடுத்து) பிடிச்சுக்கோ. பத்து நிமிஷம் பாக்கலாம்.

(சொட்டு 9, 10 நுனிக்கால்ல போறாங்க. நிலா கப்பை எடுத்து உயரத் தூக்கிப் பாக்குறா.)

நிலா: அம்மா! பத்து நிமிஷத்துல எழுபது மில்லி!

அம்மா: (வந்துகிட்டே) இவ்ளோதானே?

நிலா: ஒரு மணி நேரத்துக்கு 420 மில்லி!

வாளி: ஒரு நாளைக்கு 24 மணி நேரம்!

(உக்காந்திருந்த பத்து சொட்டும் ஒவ்வொருத்தரா எழுந்து, ஆளுக்கொரு ஒரு லிட்டர் காலி பாட்டிலைத் தூக்கி "ஒண்ணு", "ரெண்டு"ன்னு பத்து வரைக்கும் எண்ணணும்.)

எல்லா சொட்டும்: பத்து லிட்டர்!

அம்மா: அய்யய்யோ! டேய், மெயின் வால்வை மூடு!

அண்ணன்: (ஓடிப் போய்) மூடிட்டேன்!

(அம்மா குழாய்க்குப் பின்னாடி கையை விட்டு பழைய வாஷரை வெளிய இழுக்குறாங்க.)

பழைய வாஷர்: அப்பாடா! எனக்கு ரிட்டையர்மென்ட்!

புது வாஷர்: (துள்ளி முன்னாடி வந்து) நான் வந்துட்டேன்!

அம்மா: இப்பத் திற!

(மூணு எண்ணுற வரைக்கும் அமைதி. சொட்டு 11 காலைத் தூக்குது.)

சொட்டு 11: டொ...

(புது வாஷர் ரெண்டு கையையும் விரிச்சு வழி மறிக்குது. சொட்டு 11 திரும்பிப் போய் உக்காருது. குழாய் குறட்டை விடுது.)

வாளி: ஷ்ஷ்! குழாய் தூங்குது.

(எல்லாரும் எழுந்து வணக்கம்.)

அவ்ளோதான். படிச்சா ரெண்டு நிமிஷம்கூட வராதேன்னு தோணும், நடிச்சா அஞ்சு நிமிஷம் சரியா இருக்கும். சொட்டுங்க நடக்குறது, நூல் கட்டுறது, பாட்டில் எண்ணுறது இதுக்கெல்லாமே நேரம் போயிடும். ஒன்பது வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு வசனம் அஞ்சாறு வார்த்தையைத் தாண்டக் கூடாதுங்கறது என்னோட கணக்கு, ஏன்னா அதுக்கு மேல போனா பாதில மூச்சு வாங்கி ஒப்பிக்க ஆரம்பிச்சிடுவாங்க, வாய்ப்பாடு சொல்ற ராகம் வந்துடும், அந்த ராகம் வந்துட்டா அப்புறம் என்ன பண்ணாலும் போகாது.

இதுல இருக்குற எழுபது மில்லியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அதை நீங்க அப்படியே காப்பி பண்ணக் கூடாது. ஒழுகுற குழாய்ல ஒரு நாளைக்கு எவ்ளோ வீணாகுதுன்னு தேடினீங்கன்னா ஆளுக்கொரு நம்பர் சொல்வாங்க. பொய்யின்னு சொல்ல மாட்டேன், சொட்டோட சைஸ் குழாய்க்குக் குழாய் மாறும், வேகமும் மாறும், அதனால நம்பரும் மாறத்தான் செய்யும். அதனால எங்க பசங்களையே அளக்கச் சொன்னேன். எங்க வராண்டா கடைசில ஒரு குழாய் எப்பவும் ஒழுகிட்டே இருக்கும். சமையலறைல வைக்கிற மில்லி கோடு போட்ட கப் ஒண்ணை அடில வச்சோம், போன்ல பத்து நிமிஷம் டைமர் போட்டோம். எழுபது வந்துச்சு. ஒரு மணி நேரத்துல ஆறு பத்து நிமிஷம், ஆறேழு நாப்பத்திரண்டு, அப்போ 420 மில்லி. அதை 24-ஆல பெருக்கினா 10,080 மில்லி, அதாவது பத்து லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இந்தக் கணக்கை நாலாம் வகுப்புப் பசங்களே போர்டுல போட்டுருவாங்க. சுருக்கமா வேணும்னா பத்து நிமிஷத்துல வந்த மில்லியை 144-ஆல பெருக்கிக்கோங்க.

இன்னொரு குரூப் மதிய இடைவேளைல அளந்துட்டு வந்து கம்மியா இருக்கு, மிஸ் நீங்க சொன்னது தப்புன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. அந்த நேரத்துல பக்கத்துக் குழாயெல்லாம் திறந்திருக்கும், பைப்ல பிரஷர் குறையும், சொட்டும் மெதுவாத்தான் விழும். அதனால அக்கம்பக்கத்துல யாரும் தண்ணி எடுக்காத நேரமா பாத்து, ரெண்டு தடவை அளந்து, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா எடுத்துக்கோங்க. உங்க ஸ்கூல் குழாய்ல நூறு மில்லி வந்தா ஒரு நாளைக்கு 14 லிட்டர் சொச்சம், அப்போ பதினாலு சொட்டு, பதினாலு பாட்டில், வழி மறிக்கப்படுற கடைசிச் சொட்டு தனி. முப்பத்தஞ்சு மில்லி வந்தா அஞ்சு பாட்டில்தான். கம்மியா இருக்கேன்னு நம்பரை மட்டும் ஏத்தி எழுதாதீங்க, கீழ உக்காந்திருக்குற பசங்க அதே குழாயை தினமும் பாக்குறவங்க, ஒருத்தன் இல்லேன்னா ஒருத்தன் கப்பைத் தூக்கிட்டு அளக்கப் போயிடுவான்.

நிஜத் தண்ணி மட்டும் மேடைக்குக் கொண்டு வராதீங்க. வழுக்கி விழுந்தா ஒரு பிரச்சினை, தண்ணி சேமிக்கச் சொல்ற நாடகத்துல தண்ணியை ஊத்துறீங்களேன்னு கேக்குறதுக்குன்னே ஒருத்தர் முன் வரிசைல உக்காந்திருப்பார்.

நாடகத்தோட உயிர் அந்த நூல் சீன்தான், அதை மட்டும் வெட்டிடாதீங்க. குழாய் வாய்ல ஒரு நூலைக் கட்டித் தொங்க விட்டா தண்ணி நூல் வழியா இறங்கிடும், சொட்டுச் சத்தம் கேக்காது, இது நிஜமாவே நடக்குறதுதான், ராத்திரி தூக்கம் கெட்டவங்க நிறைய பேர் பண்ற வேலை. மேடைல மூணு பசங்க வாய்ல விரலை வச்சுக்கிட்டுத் திருட்டுத்தனமா நடந்து போறதைப் பாத்த உடனே ஒண்ணாம் வகுப்புப் பசங்க உருண்டு உருண்டு சிரிச்சாங்க. சத்தம் நின்னாலும் தண்ணி நிக்கலைங்கறது அவங்களுக்கு யாரும் சொல்லாமலே புரிஞ்சுடுச்சு, வாளி கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே "போகுது போகுது"ன்னு கத்துனாங்க. ஆனா சிரிப்புக்கு மேல அடுத்த வசனத்தைப் பேசினா யாருக்கும் கேக்காது. பசங்களுக்கு நிறுத்தத் தெரியாது, ஒப்பிச்ச வேகத்துல போயிட்டே இருப்பாங்க, அதனால அண்ணன் வேஷக்காரனுக்கு ஒரு வேலை குடுங்க: எட்டாவது சொட்டு உக்காந்த பிறகு நூலை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் பேசணும். கை செய்யுற வேலைக்கு நேரம் ஆகும், அதுக்குள்ள சிரிப்பு அடங்கிடும். சும்மா "வெயிட் பண்ணு"ன்னு சொன்னா எந்தப் பிள்ளையும் வெயிட் பண்ணாது.

வாஷர் விஷயமும் நிஜம்தான். திருகித் திருகி மூடுற பழைய மாடல் குழாய்ல உள்ள ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அது தேஞ்சு போனா ஒழுகும், ஒழுகுதேன்னு இன்னும் இறுக்கினா சீக்கிரம் நசுங்கி இன்னும் மோசமாகும். கால் சுத்து திருப்பினாலே திறக்குற புது மாடல்ல வாஷருக்குப் பதிலா பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும், தெரியும், அதை இங்க வந்து விளக்க வேணாம். கார்ட்ரிட்ஜ்னு வசனம் எழுதினா ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வாய்ல நுழையாது, அதனால வாஷர். அப்புறம் அம்மாதான் ரிப்பேர் பண்ணணுமா, அப்பா பண்ணக் கூடாதான்னு ஒருத்தர் கேட்டாங்க, யார் வேணா பண்ணலாம், வால்வை மூடாம குழாயைக் கழட்டுறதை மட்டும் மேடைல காட்டாதீங்க, வீட்ல போய் யாராவது செஞ்சு பாத்துடுவாங்க.

யாருக்கு எந்த வேஷம்ங்கறதுல, சத்தமா பேசுற பிள்ளையை நிலாவாப் போடத்தான் எல்லாருக்கும் கை போகும். வேணாம், வாளியாப் போடுங்க. கூட்டத்தைப் பாத்து நேரா பேசுறது வாளிதான், ஒரே ஒரு ஸ்டாண்ட் மைக்தான் இருக்குன்னா அதை உக்காந்திருக்குற வாளியோட உயரத்துக்கு இறக்கி வச்சுடுங்க, நிலாவும் அம்மாவும் அதுகிட்டயே குனிஞ்சு பேசிக்கலாம். குழாயா வர்ற பிள்ளை அஞ்சு நிமிஷமும் கையை நீட்டிட்டே நிக்கணும், ரிகர்சல்ல ரெண்டாவது நிமிஷமே எங்க குழாயோட கை வாளி தலை வரைக்கும் இறங்கிடுச்சு. ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதோட முதுகு மேல முழங்கையை ஊனிக்கச் சொன்னேன், சரியாப் போச்சு. மேடையேறினாலே அழுறேன்னு சொன்ன பையனை சொட்டாக்கிட்டேன், ஒரே ஒரு "டொக்", பயத்துக்கு அதுக்கு மேல நேரமே கிடைக்கல. பசங்க வாயால சொல்ற டொக் பின் வரிசைக்குக் கேக்காது, அதனால ஒரு பிள்ளை ஓரமா உக்காந்து மர ஸ்கேலால பெஞ்ச்ல ஒரு தட்டு தட்டணும். நூல் சீன்ல தட்டக் கூடாது, அதை ரிகர்சல்ல திரும்பத் திரும்பச் சொல்லிடுங்க.

இப்ப என் வயித்தெரிச்சல். ஸ்கிரிப்டைக் காட்டுனப்போ எங்க கோஆர்டினேட்டர் கேட்ட முதல் கேள்வி "மெசேஜ் எங்க?" குழாய் குறட்டை விட்டு முடியக் கூடாதாம், எல்லாரும் ஒரு ஸ்லோகன் சொல்லணுமாம், ஒரு பிள்ளை நீரின் அவசியம்னு ரெண்டு நிமிஷம் பேசணுமாம். பத்து பாட்டிலை ஒவ்வொண்ணா எண்ணுன பிறகு இன்னும் என்னங்க மெசேஜ்? கடைசில நாடகத்துக்கு முன்னாடி அந்தப் பேச்சை வச்சுக்கோங்க, பின்னாடி வேணாம்னு ஒத்துக்க வச்சேன். அது கூடப் பரவால்ல. சொட்டுங்களுக்கு நீலக் கலர் டிரெஸ் வாடகைக்கு எடுக்கணும்னு பேரன்ட்ஸ் குரூப்ல மெசேஜ் போட்டது யாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது! பதினோரு பிள்ளைங்க ஒரு "டொக்" சொல்றதுக்கு வாடகை டிரெஸ்ஸா? யூனிபார்ம்லயே நெத்தில ஒரு நீலக் காகிதப் பட்டை கட்டினா சொட்டுதான். போட்டோ நல்லா வரணும்ங்கறதுக்காக பேரன்ட்ஸ் பர்ஸ்ல கை வைக்கிற பழக்கம் எங்க இருந்து வந்துச்சோ, ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி எல்லாத்துலயும் இதே கதைதான், அதைப் பத்தித் தனியா யாராவது கேள்வி கேளுங்க, பக்கம் பக்கமா எழுதுறேன்.

கடைசி நிமிஷத்துல நேரத்தையும் வெட்டுவாங்க, விருந்தினர் பேச்சு நீண்டுடுச்சு, மூணு நிமிஷத்துல முடிங்கன்னு மேடை ஓரத்துல நிக்குறப்போ சொல்வாங்க. அதுக்கு முன்னாடியே பசங்களுக்கு ஒரு குட்டி வெர்ஷன் பழக்கி வச்சிருங்க. முதல் ரெண்டு சொட்டை மட்டும் நடக்க விட்டு உடனே நிலா வந்துடலாம், மூணும் நாலும் முன்னாடியே வாளிக்குப் பக்கத்துல உக்காந்துக்கட்டும். அண்ணன் ஒரு தடவை மட்டும் திருகினா போதும். பழைய வாஷரோட முதல் வசனத்தையும் விட்டுடலாம். பாட்டில் எண்ணுறதை வேகப்படுத்தாதீங்க, பத்தையும் ஒண்ணா தூக்கினா அது வெறும் பாட்டில் கூட்டமாத்தான் தெரியும். எங்க கிளாஸ்ல இந்தச் சின்ன வெர்ஷனுக்கு "அவசரக் குழாய்"னு பசங்களே பேர் வச்சுட்டாங்க, நான் ஓரத்துல இருந்து ரெண்டு விரல் காட்டினா அதுதான்னு அர்த்தம்.